தொட்டி வீடியோவிலிருந்து அலைநீளம்: அளவு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது

கேள்வி: 1.8 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலமுள்ள கண்ணாடித் தொட்டியில் 20 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையில் மோட்டார் பலகையால் அலை எழுப்பி மொபைலில் வீடியோ எடுத்தேன். அலைக்காலம் எப்போது அளந்தாலும் 0.60 விநாடி வருகிறது. அலைநீளம் மட்டும் ஒரு முறை 46 செ.மீ., இன்னொரு முறை 60-க்கும் மேல் என்று வருகிறது. எது சரி? கடற்கரையில் எடுத்த வீடியோவிலும் இதே முறையில் அளக்கலாமா?

பதில்:

இரண்டும் சரியல்ல. உங்கள் தொட்டியில் அலைநீளம் 55 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். அலைக்காலமும் ஆழமும் தெரிந்துவிட்டால் உயரம் குறைந்த அலைகளுக்கு அலைநீளம் தானாகவே முடிவாகிவிடுகிறது. அந்த மூன்றையும் இணைக்கும் சமன்பாடு இது:

```
λ = (g T² / 2π) · tanh(2π h / λ)
```

இதில் λ அலைநீளம், T அலைக்காலம், h ஆழம், g புவியீர்ப்பு முடுக்கம். λ இரு பக்கமும் வருவதால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் tanh பகுதியை 1 என்று வைத்தால் 0.60 விநாடிக்கு 56.2 செ.மீ. கிடைக்கிறது. அதை வலப்பக்கத்தில் போட்டால் 54.9, அதையும் போட்டால் 55.1, அதற்குப் பிறகு மாற்றம் இல்லை. ஆழத்தை ஒரு செ.மீ. தவறாக அளந்திருந்தாலும் விடை கால் செ.மீ. அளவுதான் நகரும். ஆகவே ஆழத்தின் மீது சந்தேகப்பட வேண்டாம். அலையின் உயரம் கொஞ்சம் பொருட்படுத்தத் தக்கது: அகட்டிலிருந்து முகடு வரை 2 செ.மீ. உயரமுள்ள அலைக்கு நீளம் சுமார் ஒரு சதவீதம் கூடும்; 4 செ.மீ. உயரமானால் ஐந்து சதவீதம் வரை கூடி 58 செ.மீ. ஆகிவிடும். எனவே பலகையின் வீச்சைக் குறைத்து, அலை உயரத்தை 2 செ.மீ.க்குள் வைத்துக்கொண்டு அளப்பது நல்லது.

அலைக்காலம் உங்களை ஏமாற்றாததற்குக் காரணம், அதை அளக்க ஓர் இடமும் ஒரு கடிகாரமும் போதும் என்பதுதான். தொட்டியின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும், பலகை ஆட்டும் அதே தாளத்தில்தான் நீர்மட்டம் ஏறி இறங்கும். சுவரில் மோதித் திரும்பும் எதிரலை வந்து கலந்தாலும், கேமரா சாய்ந்திருந்தாலும், லென்ஸ் படத்தை வளைத்தாலும் அந்தத் தாளம் மாறாது. அலைநீளத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதற்கு நீளத்தின் அளவுகோலும் வேண்டும், வெவ்வேறு இடங்களை ஒப்பிடவும் வேண்டும். பிழைகள் நுழைவது அந்த இரண்டு வாசல்கள் வழியாகத்தான்.

முதலில் அலைக்காலத்தை முறையாக எடுத்துவிடுவோம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் ஒரே ஒரு நெடுக்குப் பிக்சல் வரிசையை மட்டும் வெட்டி, அவற்றை இடமிருந்து வலமாக ஒட்டினால், நீர்மட்டம் காலத்தோடு ஏறி இறங்கும் கோடு ஒரே படமாகக் கிடைத்துவிடும். தண்ணீரில் சிறிது சிவப்புச் சமையல் சாயம் கலந்து, தொட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தாளை வைத்து அதன் மீது விளக்கைப் பாய்ச்சியிருந்தால், பச்சை நிறத் தளத்தில் தண்ணீர் கறுப்பாகவும் காற்று வெளுப்பாகவும் தெரியும்.

```python
import cv2, numpy as np
cap = cv2.VideoCapture("tank.mp4")
col, t = [], []
while True:
    ok, f = cap.read()
    if not ok:
        break
    t.append(cap.get(cv2.CAP_PROP_POS_MSEC) / 1000)
    col.append(f[:, 640, 1])
cv2.imwrite("stack.png", np.stack(col, axis=1))
```

இந்தப் படத்தில் முகடுகளை எண்ணாமல், நீர்மட்டம் சராசரிக் கோட்டைத் தாண்டி மேலே ஏறும் கணங்களை எண்ணுங்கள். முகட்டின் உச்சி தட்டையாக இருப்பதால் அது எந்த ஃபிரேமில் நிகழ்ந்தது என்று சொல்வது கடினம். சராசரியைக் கடக்கும்போதோ மட்டம் மிக வேகமாக நகர்கிறது, கணம் துல்லியமாகப் பிடிபடும். 20 அலைகளுக்கான நேரம் வேண்டுமென்றால் 21 கடப்புகள் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இந்த ஒன்றுக் கணக்கில் தவறி ஐந்து சதவீதப் பிழையோடு வரும் ஆய்வறிக்கைகள் ஆண்டுதோறும் உண்டு. 20 அலைகள் 12 விநாடி. விநாடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் இரு முனைகளிலும் ஒரு ஃபிரேம் தவறினாலும் அலைக்காலத்தில் 0.003 விநாடிதான் பிழை. இதற்கு அதிவேக கேமரா எதுவும் தேவையில்லை.

நேரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மொபைல் சொல்லும் ஃபிரேம் வேகத்தை அப்படியே நம்பக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் பல மொபைல்கள் ஃபிரேம் இடைவெளியைத் தாமாகவே நீட்டிக்கொள்கின்றன. ஸ்லோ மோஷன் கோப்புகளில் காலம் பல மடங்கு நீட்டி எழுதப்பட்டிருக்கவும் கூடும். மேலே உள்ள நிரல் ஃபிரேம் எண்ணிக்கையை வேகத்தால் வகுக்காமல் கோப்பில் பதிந்துள்ள நேரத்தைப் படிப்பது முதல் காரணத்துக்காகத்தான்; ஸ்லோ மோஷன் கோப்பில் அந்த நேரமே நீண்டிருக்கும். இடைவெளிகள் சமமாக உள்ளனவா என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்தக் கட்டளை போதும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries frame=best_effort_timestamp_time -of csv=p=0 tank.mp4
```

இன்னொரு மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதையும் படத்தின் ஒரு மூலையில் தெரியும்படி வைத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இனி அலைநீளம். உங்கள் 46 செ.மீ. எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதை முதலில் பார்ப்போம். தொட்டியைப் பக்கவாட்டில் படமெடுக்கும்போது நீர்மட்டக் கோடு ஒன்றல்ல, இரண்டு தெரியும்: உங்களுக்கு அருகிலுள்ள கண்ணாடியைத் தண்ணீர் தொடும் கோடு ஒன்று, எதிர்ப்புறக் கண்ணாடியைத் தொடும் கோடு இன்னொன்று. கேமரா நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் இரண்டும் பிரிந்து தெரியும். பின்புறம் விளக்கு வைத்திருந்தால் தூரத்துக் கோடுதான் பல சமயம் எடுப்பாகத் தெரியும். அளவுகோலை அருகிலுள்ள கண்ணாடியில் ஒட்டி, தூரத்துக் கோட்டை அளந்தால் என்ன ஆகும்? கேமரா கண்ணாடியிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். தூரத்துக் கோடு 1.8 மீட்டர் தொலைவில் இருக்கிறது. எனவே அது 1.5-ஐ 1.8-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 83 சதவீதமாகச் சுருங்கித் தெரியும். 55 செ.மீ.யில் 83 சதவீதம் 46 செ.மீ. உங்கள் எண் இதோடு ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சோதிப்பது இதைத்தான்.

தீர்வு எளிது. கேமராவின் லென்ஸ் நீர்மட்டத்துக்கு ஒரு விரல்கடை கீழே இருக்கும்படி ட்ரைபாடை இறக்குங்கள். அப்போது நீரின் மேற்பரப்பு கீழிருந்து பார்க்கையில் கண்ணாடி போலப் பிரதிபலித்து, தூரத்துக் கோட்டை மறைத்துவிடும்; அருகிலுள்ள கோடு மட்டும் எஞ்சும். துணிக்கடை அளவு நாடாவை அதே கண்ணாடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டி நெடுக ஒட்டிவிடுங்கள். நாடா வெளிப்பக்கத்தில் இருந்தால் கண்ணாடியின் தடிமனால் வரும் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே ஒரு செ.மீ. துண்டை அளந்து அதைப் படம் முழுவதற்கும் பொருத்துவதை விட, பத்து செ.மீ.க்கு ஒரு முறை நாடாவின் குறி எந்தப் பிக்சலில் விழுகிறது என்று படித்து அட்டவணையாக வைத்துக்கொள்வது மேல். லென்ஸ் ஓரங்களில் செய்யும் வளைவு அதிலேயே சரியாகிவிடும். அகலக்கோண லென்ஸைத் தவிர்த்துச் சாதாரண லென்ஸையே பயன்படுத்துங்கள். மொபைலில் வீடியோ நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிட வேண்டும். படத்தின் பெரும்பகுதி அலையாக இருக்கும்போது அந்த மென்பொருள் அலையையே கை நடுக்கமாக எண்ணிப் படத்தை அதனோடு நகர்த்தப் பார்க்கும். குவியத்தைப் பூட்டிவிடுவதும் அவசியம், ஏனென்றால் குவியம் மாறினால் அளவும் நுட்பமாக மாறும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் எண்கள் ஆடும். அதற்குக் காரணம் கேமராவில் இல்லை, தொட்டியில் இருக்கிறது. எதிர்முனைச் சுவரில் மோதித் திரும்பும் அலை, போகும் அலையோடு கலக்கிறது. பலரும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எந்த அளவீட்டைக் கெடுக்கும், எதைக் கெடுக்காது என்பதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. விஷயமே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

திரும்பும் அலையின் வீச்சு, போகும் அலையின் வீச்சில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். சாய்தளம் எதுவும் இல்லாத தொட்டியில் இதைவிட அதிகமாகவே திரும்பும். இரண்டும் ஒன்றையொன்று கூட்டும் இடங்களில் நீர் அதிகமாக ஏறி இறங்கும், அவை எதிர்க்கணுக்கள். கழிக்கும் இடங்களில் குறைவாக ஏறி இறங்கும், அவை கணுக்கள். இப்போது ஒரு முகட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். அது சீரான வேகத்தில் போகாது. உங்கள் தொட்டியில் தனி அலையின் வேகம் விநாடிக்கு 92 செ.மீ. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு எதிரலை கலந்தவுடன் முகடு கணுவைத் தாண்டும்போது விநாடிக்கு சுமார் 138 செ.மீ. வேகத்தில் பாயும், எதிர்க்கணுவை நெருங்கியதும் 61 செ.மீ.க்குத் தளர்ந்துவிடும். தொட்டியின் ஏதோ ஒரு பகுதியில் முகட்டை ஓர் அடி தூரம் துரத்தி, கிடைத்த வேகத்தை 0.60-ஆல் பெருக்கி அலைநீளம் என்று எழுதினால், எந்த இடத்தில் துரத்தினீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் 60-க்கும் மேற்பட்ட எண் இப்படி வந்ததாக இருக்கலாம்.

இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான கால வேறுபாட்டை அளக்கும் முறையிலும் இதே பிரச்சினைதான், ஆனால் தலைகீழாக, ஏனென்றால் இங்கே பார்ப்பது ஒவ்வோர் இடத்திலும் நீர்மட்டம் உச்சம் தொடும் கணத்தை. 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு நெடுக்கு வரிசைகளை எடுத்துக்கொள்வோம். எதிரலை இல்லையென்றால் அலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக 0.109 விநாடி ஆகும். அந்த இரண்டு வரிசைகள் எதிர்க்கணுவின் இரு பக்கமும் சமமாக அமைந்தால் 0.077 விநாடிதான் ஆகும்; அதிலிருந்து கணக்கிட்டால் அலைநீளம் 78 செ.மீ. என்று வரும். கணுவின் இரு பக்கமும் அமைந்தால் 0.146 விநாடி ஆகும். அலைநீளம் 41 செ.மீ. என்று வரும். ஒரே தொட்டி, ஒரே அலை, ஒரே வீடியோ. நேரத்தையும் தூரத்தையும் எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் விடை 41-க்கும் 78-க்கும் இடையில் அலையும்.

ஆனால் அதே இரண்டு வரிசைகளை அரை அலைநீள இடைவெளியில், இங்கே 27.5 செ.மீ. தள்ளி வைத்தால், எதிரலை எவ்வளவு இருந்தாலும் கால வேறுபாடு சரியாக அரை அலைக்காலமாகவே இருக்கும். முகடு ஓரிடத்தில் முந்தியதை இன்னோரிடத்தில் இழந்து, ஒவ்வோர் அரை அலைநீளத்துக்கும் கணக்கை நேர் செய்துவிடுகிறது. இதன் தொடர்ச்சியாக இன்னொரு வசதியும் கிடைக்கிறது: ஒரே ஃபிரேமை நிறுத்தி, அதில் அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்தால், எதிரலை கலந்திருந்தாலும் அது உண்மையான அலைநீளமாகவே இருக்கும். போகும் அலையும் திரும்பும் அலையும் ஒரே நீளமுள்ளவை என்பதால், எந்தக் கணத்தில் உறைய வைத்தாலும் அவற்றின் கூட்டும் அதே நீளமுள்ள வளைவுதான். ஓடும் முகட்டைத் துரத்துவதை விட நின்ற படத்தில் அளப்பது நம்பகமானது என்பது முதலில் கேட்கும்போது முரணாகத் தோன்றும், ஆனால் தொட்டியில் நிலைமை அதுதான்.

இதில் ஒரு பொறி உண்டு. எதிரலை வலுவாக இருக்கும் தொட்டியில், நீர் அதிகமாகத் துள்ளும் இடங்கள் கண்ணில் முதலில் படும். அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் அரை அலைநீளமே. அதை முழு அலைநீளம் என்று எழுதினால் விடை சரியாகப் பாதியாக, 27 அல்லது 28 செ.மீ. என்று வரும். சரியாக இரண்டின் மடங்கில் பிழை வந்தால் இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம்.

நான் சிபாரிசு செய்யும் முறை இவை இரண்டையும் சேர்த்தது. ஒரு ஃபிரேமை மட்டும் நம்பாமல், எல்லா ஃபிரேம்களையும் பயன்படுத்தி ஒவ்வோர் இடத்திலும் அலையின் கட்டத்தை, அதாவது அது தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும். மேலே சொன்ன நெடுக்கு வரிசை வேலையைப் படத்தின் ஒரு வரிசைக்கு மட்டும் செய்யாமல் எல்லா வரிசைகளுக்கும் செய்து, ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் உயரத்தைக் குறித்தால், இடத்தையும் காலத்தையும் பொறுத்த நீர்மட்ட அட்டவணை ஒன்று கிடைக்கும். ஒவ்வோர் இடத்தின் சராசரியையும் கழித்துவிடுங்கள். கண்ணாடியோரத்தில் தண்ணீர் இரண்டு மூன்று மி.மீ. மேலேறி ஒட்டியிருப்பது அந்தக் கழித்தலிலேயே போய்விடும். ஆனால் அலையின் வீச்சே ஒன்றிரண்டு மி.மீ.தான் என்றால் அந்த விளிம்பு கண்ணாடியில் சிக்கிக்கொண்டு அலையோடு நகர மறுக்கும். அதற்குக் கணக்கில் பரிகாரம் இல்லை, கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வீச்சைக் கொஞ்சம் கூட்ட வேண்டியதுதான். அட்டவணை தயாரான பிறகு முழு எண்ணிக்கையிலான அலைக்காலங்களுக்கு இதைச் செய்யலாம்:

```python
w = 2 * np.pi / T
z = (eta * np.exp(1j * w * t)).sum(axis=1)
amp, ph = np.abs(z), np.unwrap(np.angle(z))
```

இங்கே eta என்பது அந்த அட்டவணை. அதன் ஒவ்வொரு கிடை வரிசையும் ஓர் இடம், ஒவ்வொரு நெடுக்கு வரிசையும் ஒரு கணம். t என்பது numpy வரிசையாக மாற்றப்பட்ட நேரப் பட்டியல்.

amp-ஐ இடத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். எதிரலை இல்லையென்றால் அது தட்டையாக இருக்கும். அலைபோல் ஏறி இறங்கினால் எதிரலை இருக்கிறது. மிகப் பெரிய வீச்சு 12 மி.மீ., மிகச் சிறியது 8 மி.மீ. என்றால் வித்தியாசமான 4-ஐக் கூட்டுத்தொகையான 20-ஆல் வகுத்தால் வருவது 0.2, அதாவது ஐந்தில் ஒரு பங்கு திரும்புகிறது. இரண்டு மேடுகளுக்கு இடையிலுள்ள தூரம் அரை அலைநீளத்தை உத்தேசமாகக் காட்டிவிடும். பிறகு ph-ஐ வரையுங்கள். எதிரலை இருந்தால் அது நேர்கோடாக இல்லாமல் நேர்கோட்டைச் சுற்றி நெளியும். ஒரு மேட்டின் உச்சியிலிருந்து தொடங்கி, நான்கு மேடுகள் தாண்டி வரும் உச்சி வரையுள்ள கட்ட மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நெளிவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தத் தூரம் இரண்டு முழு அலைநீளம், அதாவது 110 செ.மீ.; உங்கள் தொட்டியில் பலகைக்கும் எதிர்ச்சுவருக்கும் மிக அருகிலுள்ள பகுதிகளை விட்டுவிட்டாலும் அதற்கு இடம் இருக்கிறது. தூரத்தை அதற்கான கட்ட மாற்றத்தால் வகுத்து 2π-ஆல் பெருக்கினால் அலைநீளம். இதில் ஒரு செ.மீ.க்குள் 55-ஐ நெருங்காவிட்டால் அளவுகோலில்தான் கோளாறு.

எதிரலையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. எதிர்முனையில் மென்மையான சாய்தளம் அமைத்து அதன் மேல் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரை அடுக்கினால் பெருமளவு தணியும். அது முடியாதென்றால் எதிரலை வருவதற்கு முன்பே அளந்துவிடலாம், ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அலைக்கூட்டத்தின் முன்முனை முகட்டின் வேகத்தில் போவதில்லை. இந்த ஆழத்தில் விநாடிக்கு சுமார் 50 செ.மீ. வேகத்தில்தான் போகிறது. எனவே அது தொட்டியின் நடுவை 1.8 விநாடியில் அடைந்து, சுவரில் மோதி, 5.4 விநாடியில் நடுவுக்குத் திரும்பும். இடையில் கிடைப்பது 3.6 விநாடி, ஆறு அலைகள். முன்முனையின் முதல் ஒன்றிரண்டு அலைகள் வீச்சும் நீளமும் இன்னும் நிலைபெறாதவை. அவற்றை ஒதுக்கினால் நான்கு அலைகள் மிஞ்சும். அலைக்காலத்தை நீண்ட பதிவிலிருந்தும் அலைநீளத்தை இந்த நான்கு அலைகளிலிருந்தும் எடுப்பதில் தவறில்லை, பலகையின் வேகம் மாறாதவரை.

உங்கள் பழைய வீடியோக்களில் எந்தப் பிழை இருந்தது என்பதை மறுபடி படமெடுக்காமலேயே கண்டுபிடிக்கலாம். அளவுகோல் பிழை தொட்டி முழுவதும் ஒரே விகிதத்தில் இருக்கும். எங்கே அளந்தாலும் 46-ஐ ஒட்டியே வரும். எதிரலைப் பிழை இடத்துக்கு இடம் மாறி, ஓர் அரை அலைநீளத்துக்குள் அதிகமாகவும் குறைவாகவும் வரும். மூன்றாவதாக ஒன்று, மொபைலைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த வீடியோக்களுக்கு மட்டும். மொபைலின் சென்சார் படம் முழுவதையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை, வரி வரியாகப் படிக்கிறது. மொபைலைக் கிடையாகப் பிடித்தால் நீர்மட்டக் கோடு ஒரே வரியை ஒட்டி இருப்பதால் பாதிப்பில்லை. செங்குத்தாகப் பிடித்தால் படிப்பு பக்கவாட்டில் நகர்கிறது, 60 செ.மீ. அகலத்தை 0.02 விநாடியில் படித்தால் அந்தக் கால இடைவெளியில் அலை கிட்டத்தட்ட 2 செ.மீ. நகர்ந்துவிடுகிறது, அலைநீளத்தில் மூன்று சதவீதப் பிழை வருகிறது. அலை போகும் திசையில் படித்தால் நீளம் கூடும், எதிர்த்திசையில் படித்தால் குறையும். மொபைலைத் தலைகீழாகத் திருப்பி எடுத்து விடை மறுபக்கம் சாய்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி கடற்கரை. அலைக்காலத்துக்கு அதே நெடுக்கு வரிசை முறை அப்படியே செல்லும், ஆனால் எந்த இடத்து வரிசை என்பதில் கவனம் வேண்டும். மணலில் ஏறி இறங்கும் நுரையை எண்ணாதீர்கள். இறங்கும் தண்ணீர் அடுத்து ஏறி வருவதை விழுங்கிவிடுவதால் சில அலைகள் கணக்கிலேயே வராமல் போகும்; அலைக்காலம் உண்மையைவிட நீளமாகத் தெரியும். அலைகள் உடையும் வரிக்கு வெளியே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பலகை தரும் ஒழுங்கு கடலில் இருக்காது என்பதால் 20 அலைகள் போதாது; சுமார் 20 நிமிடப் பதிவு எடுத்துச் சராசரி காண்பது வழக்கம்.

அலைநீளத்துக்கோ கடற்கரையில் ஒரே எண் என்பதே கிடையாது. 10 விநாடி அலை ஆழ்கடலில் 156 மீட்டர் நீளமுடையது. 2 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 44 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கரையை நோக்கி வர வர முகடுகள் நெருங்குவதை மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும். எனவே அலைநீளத்தைச் சொல்லும்போது எந்த ஆழத்தில், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொட்டியில் தொல்லை கொடுத்த எதிரலை, மென்மையாகச் சரியும் மணல் கரையில் பெரும்பாலும் பொருட்டல்ல. உடைந்து நுரைத்து ஆற்றலை இழந்துவிடுவதால் திரும்புவது குறைவு. கற்கள் கொட்டிய கரையோ தடுப்புச் சுவரோ இருந்தால் மட்டும் மறுபடி கவனிக்க வேண்டும்.

இங்கே உண்மையான சிக்கல் பார்வைக் கோணம். 10 மீட்டர் உயரத்திலிருந்து படமெடுத்தால், 200 மீட்டர் தூரத்திலுள்ள முகடு அடிவானக் கிடைத்தளத்திலிருந்து 2.86 டிகிரி மட்டுமே கீழே தெரியும். கேமராவின் சாய்வை அரை டிகிரி தவறாக எடுத்துக்கொண்டால் அந்த முகடு 243 மீட்டரில் இருப்பதாகக் கணக்கு சொல்லும். ஏறத்தாழ ஓர் அலைநீளமே பிழை. மொபைலின் சாய்வு உணரியை இதற்கு நம்ப முடியாது. படத்தில் அடிவானக் கோடு தெரியும்படி எடுத்து, ஒவ்வொரு முகடும் அந்தக் கோட்டுக்கு எத்தனை பிக்சல் கீழே இருக்கிறது என்பதிலிருந்து கோணத்தை எடுப்பதுதான் வழி. 10 மீட்டர் உயரத்தில் அடிவானமே கிடைத்தளத்துக்கு 0.1 டிகிரி தாழ்ந்திருக்கும். அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து, அதுவும் அந்த நேரத்து ஓதத்தைக் கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். நீர்மட்டம் அரை மீட்டர் ஏறினால் எல்லாத் தூரங்களும் ஐந்து சதவீதம் சுருங்கும். கடலுக்குள் நீளும் பாலம் ஒன்று படத்தில் விழுந்தால் இவை எதுவும் தேவையில்லை. அதன் தூண்களுக்கு இடையிலான தூரமே அளவுகோலாகிவிடும், தூண்களை ஒட்டி நீர்மட்டம் ஏறுவதும் தெளிவாகத் தெரியும்.

கரையில் இவ்வளவு பாடுபட்டு அலைநீளத்தை எடுப்பதன் பயன், மேலே கொடுத்த சமன்பாட்டைத் திருப்பிப் போட்டு ஆழத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் தரையிறங்க வேண்டிய கடற்கரைகளின் ஆழத்தை விமானப் படங்களிலுள்ள அலை முகடுகளிலிருந்து கணித்தார்கள். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராப் ஹோல்மன் குழுவினர் 1992 முதல் அமைத்துவந்த ஆர்கஸ் கேமரா நிலையங்களின் வீடியோவிலிருந்தும் இதையே கணினியால் செய்கிறார்கள். 10 விநாடி அலைக்காலமும் 44 மீட்டர் அலைநீளமும் தெரிந்தால் அங்கே ஆழம் 2 மீட்டர். ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் விடை அலைநீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், அலைநீளத்தில் ஐந்து சதவீதப் பிழை ஆழத்தில் பத்து சதவீதமாகிவிடும். அலைநீளத்தில் பாதிக்கும் மேல் ஆழமுள்ள இடத்திலோ அலைக்குத் தரையின் இருப்பே தெரியாது, எனவே வீடியோவாலும் அந்த ஆழத்தைச் சொல்ல முடியாது.